பல்ஸ் சர்வேக்கு மெயில் எழுதறதுக்கு முன்னாடி: நோக்கம், பேர் தெரியாதுங்கற வாக்கு, கடைசி தேதி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

பல்ஸ் சர்வேன்னா சின்னதா நாலஞ்சு கேள்வி தானே, லிங்க்க மட்டும் குரூப்ல போட்டா போதாதா? எதுக்கு தனியா ஒரு அழைப்பு மெயில்?

லிங்க்க மட்டும் போட்டா பாக்கறவங்க மனசுல மூணு சந்தேகம் வரும், இத எதுக்கு கேக்கறாங்க, நான் எழுதினது யாருக்கு தெரியும், எப்பக்குள்ள முடிக்கணும். இந்த மூணுக்கும் பதில் கிடைக்கலன்னா பாதி பேரு அப்புறம் பாக்கலாம்னு விட்டுடுவாங்க, மீதி பேரு பாதுகாப்பா 1லேருந்து 5 வரைக்கும் இருக்கற எல்லா கேள்விக்கும் நடுவுல இருக்கற 3ஐ போட்டுட்டு போயிடுவாங்க. ரெண்டாவது வகைதான் ஆபத்து, ஏன்னா ரிசல்ட்ட பாத்தா எல்லாம் சுமாரா நல்லா இருக்கற மாதிரியே தெரியும், ஆனா அதுல ஒரு தகவலும் இருக்காது.

மூணு சந்தேகத்துலயும் சிக்கலானது நான் எழுதினது யாருக்கு தெரியுங்கறது தான், அதனால இந்த பக்கத்துல பாதிக்கு மேல அதப்பத்தி தான் இருக்கும்.

நோக்கம்னு என்ன எழுதறது? "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு தான் எல்லாரும் போடறாங்க

அத தூக்கிடுங்க. அந்த வரிய எந்த சர்வேல வேணாலும் ஒட்டலாம், அதனால அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல, படிக்கறவங்க கண்ணும் அத தாண்டி போயிடும்.

நோக்கம்னா இந்த பதில வச்சு எந்த முடிவ எடுக்கப் போறீங்க, அத யார் எடுப்பாங்க, எப்ப எடுப்பாங்க, அவ்ளோதான். ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ஒரு உதாரணத்த வச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போவோம். 46 பேர் இருக்கற ஒரு சப்போர்ட் பிரிவு, உள்ள மூணு டீம், 21 பேர், 19 பேர், 6 பேர். ஜனவரிலேருந்து புது ஷிப்ட் ரோஸ்டர் ஓடுது, வாராவாரம் ஷிப்ட் மாறுது. ஏப்ரல்ல இதையே தொடரலாமா இல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மாத்தலாமான்னு பிரிவு மேனேஜர் முடிவு பண்ணணும். அப்ப நோக்கம் இப்படி வரும்:

> வாராவாரம் மாறும் ஷிப்ட் ரோஸ்டர் ஜனவரியிலிருந்து ஓடுகிறது. ஏப்ரல் 1 முதல் இதையே தொடர்வதா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதா என்று மார்ச் கடைசியில் முடிவு செய்யப் போகிறோம், அதுக்காகத்தான் இந்த 6 கேள்விகள்.

இதோட இன்னொரு வரி, எத பத்தி இந்த சர்வே முடிவு பண்ணாதுன்னு. "நைட் ஷிப்ட் அலவன்ஸ், ஆள் எண்ணிக்கை இதெல்லாம் இந்த சர்வேயில் வராது". இத எழுத நிறைய பேர் தயங்குவாங்க, ஆனா இத சொல்லலன்னா பாதி கமெண்ட் சம்பளத்த பத்தி வரும், அப்புறம் அதுக்கு ஒண்ணும் நடக்கலன்னு அடுத்த சர்வேக்கு யாரும் பதில் போட மாட்டாங்க.

எந்த முடிவுக்கும்னே இல்ல, சும்மா மூட் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க தான்னா அதையும் அப்படியே எழுதலாம், தப்பில்ல. மாசாமாசம் அதே 3 கேள்விய கேட்டு ஏறுதா இறங்குதான்னு பாக்கறோம்னு சொல்லுங்க.

"உங்கள் பதில் முற்றிலும் அநாமதேயம்"னு ஒரு வரி போட்டா போதும்ல?

போதாது, பல நேரம் அது பொய்யாவும் இருக்கும், போடறவங்களுக்கே தெரியாம. மெயில்ல இருக்கற வாக்க ஒருத்தர் எழுதறாரு, ஃபார்ம்ம இன்னொருத்தர் செட் பண்றாரு, ரிப்போர்ட்ட மூணாவது ஒருத்தர் எடுக்கறாரு, மூணு பேரும் பேசிக்கறதே இல்ல. அதனால வரிசைய மாத்துங்க. முதல்ல ஃபார்ம்ம செட் பண்ணுங்க, ரிப்போர்ட் எப்படி பிரிச்சு காட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் அந்த செட்டிங்க்க பாத்துக்கிட்டே வாக்க எழுதுங்க.

உண்மையில ரெண்டு நிலைமை தான் இருக்கு. ஒண்ணு, யாராலயும், உங்களாலயும் கூட, எந்த பதில் யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியாது. இன்னொண்ணு, சிஸ்டத்துக்கோ சர்வே நடத்தற ஆளுக்கோ தெரியும், ஆனா வெளிய சொல்ல மாட்டாங்க. ரெண்டாவதும் நேர்மையான ஏற்பாடு தான், அத ரகசியம்னு சொல்லலாம். ஆனா அத முதலாவதுன்னு சொல்லி வித்தீங்கன்னா அது ஒரு நாள் வெளிய வந்தே தீரும்.

எங்க சர்வே எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

லிங்க்க பாருங்க. எல்லாருக்கும் ஒரே லிங்க்கா, இல்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி லிங்க்கா? தனித்தனின்னா லிங்க்குக்கு பின்னாடி யாரு இருக்காங்கன்னு டூலுக்கு தெரியும், அது ரகசியம் வகை, அதுக்கு மேல பேச்சே இல்ல. "இன்னும் பதில் போடாதவங்களுக்கு மட்டும்" ரிமைண்டர் போகுதுன்னாலும் அதே கதை தான். யார் போடலன்னு தெரிஞ்சா யார் போட்டாங்கன்னும் தெரியும்ல, படிக்கறவங்க இத ஒரு நொடில கண்டுபிடிச்சுடுவாங்க.

Google Forms யூஸ் பண்றீங்கன்னா செட்டிங்ஸ்ல "Collect email addresses"னு ஒண்ணு இருக்கும், அது "Do not collect"ல இருக்கணும். "Verified"லயோ "Responder input"லயோ இருந்தா மெயில் ஐடி பதிலோட சேந்து வந்துடும். Microsoft Formsல "Only people in my organization can respond" போட்டீங்கன்னா கீழ "Record name"னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துடணும். ஷீட்ட டவுன்லோட் பண்ணி பாத்தா Name, Email columnல என்ன வருதுன்னு தெரிஞ்சுடும், அத வச்சு உறுதி பண்ணுங்க. செட்டிங்க்க நம்பறத விட வேற ஒருத்தர் அக்கவுண்ட்லேருந்து ஒரு டெஸ்ட் பதில் போட்டு ஷீட்ட திறந்து பாக்கறது மேல். டெஸ்ட் பதில அழிக்க மறக்காதீங்க.

ஷீட்ட திறந்தா Google Formsல Timestampனு ஒரு column கண்டிப்பா இருக்கும். மெயில் போன உடனே முதல் ஆளா பதில் போடறது யாருன்னு சின்ன டீம்ல எல்லாருக்கும் தெரியும், நைட் 2.40க்கு ஒரு பதில் வந்திருந்தா அன்னிக்கு நைட் ஷிப்ட்ல இருந்தது யாருன்னு ரோஸ்டர பாத்தா போச்சு. அதனால ரா ஷீட்ட பாக்கறது ஒரே ஆளா இருக்கணும், மத்தவங்களுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த columnஐ எடுத்துட்டு வரிசையையும் கலைச்சுடணும். columnஐ மட்டும் எடுத்துட்டு வரிசைய அப்படியே விட்டா முதல் வரி முதல்ல வந்ததுன்னு யாருக்கும் தெரியும்.

ஒருத்தரே நாலு தடவ போடாம இருக்க "Limit to 1 response" போட்டேன், இப்ப "என் மெயில் ஐடி ஃபார்ம்ல தெரியுதே"ன்னு ஆளாளுக்கு கேக்கறாங்க

அந்த செட்டிங்க போட்டா Google அக்கவுண்ட்ல சைன் இன் பண்ணாம பதில் போட முடியாது. மெயில் சேகரிக்கறத அணைச்சு வச்சிருந்தா உங்க ஷீட்டுக்கு மெயில் ஐடி வராது தான், ஆனா பதில் போடறவங்க ஸ்க்ரீன்ல தலைப்புக்கு கீழ அவங்க ஐடி பளிச்சுன்னு தெரியும், பக்கத்துல சின்னதா "Not shared"னு இருக்கும். அந்த சின்ன எழுத்த யாரு பாக்கறாங்க, ஐடிய பாத்த உடனே டேப்ப மூடிடுவாங்க.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அத அழைப்பு மெயில்லயே முன்கூட்டி சொல்லிடறது: "ஃபார்ம் திறந்ததும் மேலே உங்கள் மெயில் ஐடி தெரியும், பக்கத்தில் Not shared என்று இருக்கும். ஒருவர் ஒருமுறை மட்டும் போட வேண்டும் என்பதற்காகத்தான் சைன் இன், ஐடி எங்களுக்கு வராது". இன்னொண்ணு, அந்த லிமிட்டையே எடுத்துடறது. 46 பேர் சர்வேல யாராவது ரெண்டு தடவ போட்டுடுவாங்களோங்கற பயத்த விட மெயில் ஐடிய பாத்து 15 பேர் ஓடறது பெரிய நஷ்டம்னு எனக்கு தோணும், ஆனா ஷிப்ட் மாதிரி ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கற விஷயம்னா லிமிட் இருக்கறது நல்லது. 46 பேருக்கு அனுப்பி 51 பதில் வந்தா எத தூக்கறதுன்னு உங்களுக்கே தெரியாது, ஏன்னா நீங்க தான் பேர எடுக்கலயே.

பேரே கேக்கலங்க, டீம், ஷிப்ட், எத்தன வருஷ அனுபவம், ஆணா பெண்ணா, இது மட்டும் தான் கேட்டிருக்கோம். இதுல என்ன பிரச்சனை?

பேர கேக்காமலே பேர கண்டுபிடிக்க அது போதும். 6 பேர் டீம், அதுல 5 வருஷத்துக்கு மேல இருக்கற பெண் எத்தன பேரு இருப்பாங்க? பெரும்பாலும் ஒருத்தர், இல்லன்னா யாருமில்ல. அவங்க ஃபார்ம்ல அந்த நாலு கேள்விய பாத்த உடனேயே கணக்கு போட்டுடுவாங்க, மேல நீங்க என்ன வாக்கு குடுத்திருந்தாலும் அது அங்கயே செத்துது.

இந்த பதில வச்சு முடிவு மாறுமாங்கறத மட்டும் கேட்டுக்குங்க. ரோஸ்டர் முடிவுக்கு டீம் தேவைப்படலாம், அனுபவ வருஷம் எதுக்கு? "இருந்தா பின்னாடி உதவும்"னு சேக்கற ஒவ்வொரு கேள்வியும் பதில குறைக்கும்.

ரிப்போர்ட்ல 5 பேருக்கு கம்மியா இருந்தா காட்ட மாட்டோம்னு போட்டா சேஃப் தானே?

5 பொதுவா எல்லாரும் வைக்கற அளவு, நல்ல ஆரம்பம், ஆனா அது மட்டும் காப்பாத்தாது. கழிச்சு பாக்கற வித்தைன்னு ஒண்ணு இருக்கு, சின்னதா போட்டு காட்டறேன்.

ஒரு டீம்ல 8 பேர் பதில் போட்டிருக்காங்க. "இந்த ரோஸ்டர் எனக்கு ஒத்துவருது"ங்கற கேள்விக்கு சராசரி 3.5. அப்ப மொத்தம் 8 × 3.5 = 28. அதே ரிப்போர்ட்ட ஷிப்ட் வச்சும் பிரிச்சு குடுத்திருக்கீங்க, அந்த 8 பேர்ல நைட் ஷிப்ட் பாக்கற 7 பேர் சராசரி 3.86ன்னு இருக்கு. 7 × 3.86 கிட்டத்தட்ட 27. 28லேருந்து 27 போனா 1. டே ஷிப்ட்ல இருக்கற அந்த ஒரே ஆள் 1 குடுத்திருக்காரு, அது யாருன்னு டீம்ல எல்லாருக்கும் தெரியும். 8, 7 ரெண்டுமே 5க்கு மேல தான், விதிய நீங்க மீறவே இல்ல, ஆனா ஆள் மாட்டிக்கிட்டாரு.

அதனால ஒரே ஒரு வகைல மட்டும் பிரிங்க, டீம் இல்லன்னா ஷிப்ட், ரெண்டும் வேண்டாம். நம்ம உதாரணத்துல 21, 19, 6னு இருக்குல்ல, 6 பேர் டீம்ல 4 பேர் பதில் போட்டா அத மறைக்கணும், ஆனா மொத்த சராசரியும் மத்த ரெண்டு டீம் சராசரியும் காட்டினீங்கன்னா கழிச்சு பாத்தா அந்த 4 பேர் சராசரி வெளிய வந்துடும். அந்த 6 பேர ஆரம்பத்துலயே 19 பேர் டீமோட சேத்து ஒரே குழுவா வச்சுடுங்க, ஃபார்ம்லயே 2 ஆப்ஷன் தான். பின்னாடி மறைக்கறத விட முன்னாடியே கேக்காம இருக்கறது தான் உறுதி.

இன்னொரு விஷயம், 6 பேரும் ஒரே மாதிரி 1 போட்டா என்ன பண்ணுவீங்க? சராசரி 1னு காட்டின உடனே ஒவ்வொருத்தரும் என்ன போட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சு. சின்ன குழுவுக்கு ஏன் தனி ரிப்போர்ட் வேண்டாம்ங்கறதுக்கு இது ஒண்ணே போதும்.

கமெண்ட் பாக்ஸ் வைக்கலாமா வேண்டாமா?

ஒண்ணு வைங்க, கட்டாயம்னு போடாதீங்க. நம்பர விட பேர அதிகமா காட்டிக் குடுக்கறது கமெண்ட் தான். "புதன்கிழமை பையன ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரணும், இந்த ஷிப்ட்ல முடியல"ன்னு ஒருத்தர் எழுதினா அது யாருன்னு கேக்கவே வேண்டாம். இன்னும் சில பேர் எழுதற ஸ்டைலே காட்டிக்குடுக்கும், வரிக்கு வரி மூணு புள்ளி வைக்கறவரு, எல்லாத்தையும் தங்லீஷ்ல அடிக்கறவருன்னு.

பாக்ஸுக்கு மேல ஒரு வரி போடுங்க, "உங்களையோ மத்தவர்களையோ அடையாளம் காட்டும் விவரம் எழுத வேண்டாம்". அதோட அழைப்புலயே கமெண்ட்ட யாரு படிப்பாங்கன்னு சொல்லிடுங்க. டீம் லீடுக்கு அப்படியே வார்த்தை மாறாம போகுமா, இல்ல ஒருத்தர் படிச்சு "நாலஞ்சு பேர் வீட்டு நேரத்தோட மோதுதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு தொகுத்து குடுப்பாரா? ரெண்டாவது தான் நான் சொல்லுவேன். வார்த்தை மாறாம போகும்னா அதையும் தைரியமா எழுதிடுங்க, அப்ப எழுதறவங்க பாத்து எழுதுவாங்க.

அப்ப வாக்கு எப்படி தான் எழுதறது? மாதிரி குடுங்களேன்

ஒரே லிங்க், மெயில் சேகரிக்கல, ரெண்டே குழு, இந்த ஏற்பாட்டுக்கு:

> பெயர், மெயில் ஐடி, பணியாளர் எண் எதையும் இந்த ஃபார்ம் பதிவு செய்யாது. எல்லாருக்கும் ஒரே லிங்க்தான். முழு பதில்களையும் ஹெச்ஆரில் சர்வே நடத்தும் ஒருவர் மட்டுமே பார்ப்பார். மேனேஜருக்கும் டீம் லீடுகளுக்கும் இரண்டு குழுக்களின் மொத்த எண்களும், தொகுத்து எழுதிய கமெண்ட் சாரமும் மட்டுமே போகும். ஒரு குழுவில் 5 பேருக்குக் குறைவாக பதில் வந்தால் குழு வாரியாக எதையும் காட்ட மாட்டோம், மொத்தம் மட்டும்தான்.

தனித்தனி லிங்க் அனுப்பற டூல்னா:

> இது ரகசிய சர்வே. யார் பதில் போட்டார்கள் என்பது சர்வே டூலுக்குத் தெரியும், ரிமைண்டர் அனுப்ப அது தேவை. யார் என்ன பதில் போட்டார்கள் என்பதை உங்கள் மேனேஜரோ டீம் லீடோ பார்க்க முடியாது.

ரெண்டாவத படிச்சா கொஞ்சம் பயமா இருக்கேன்னு தோணும், ஆனா ஊழியர்கள் இதுக்கு பதில் போடுவாங்க. "100% அநாமதேயம்"னு எழுதிட்டு மூணு நாள் கழிச்சு "நீங்கள் இன்னும் பதில் அளிக்கவில்லை"ன்னு பேர் போட்டு மெயில் போச்சு பாருங்க, அங்க தான் எல்லாம் உடையும். "முற்றிலும்", "100%", "யாருக்கும் தெரியாது" இதெல்லாம் வாக்குல இருந்தா நீக்கிட்டு என்ன பதிவாகும், என்ன பதிவாகாது, யார் பாப்பாங்கன்னு மூணையும் எழுதுங்க. ரெண்டாவது மாதிரில அட்மின் யாராவது உள்ள போய் பாக்க முடியும்னா அந்த "பார்க்க முடியாது"ங்கற வார்த்தைய மாத்தி, யாரால முடியும்னு எழுதிடணும்.

கடைசி தேதி எத்தன நாள் குடுக்கறது?

5, 6 கேள்விக்கு ஒரு வாரம் தாராளம். ஒரே நாள் குடுத்தா லீவுல இருக்கறவங்க, நைட் ஷிப்ட் ஆளுங்க விட்டுப் போவாங்க, மூணு வாரம் குடுத்தா எல்லாரும் அப்புறம் பாக்கலாம்னு மறந்துடுவாங்க. பெரும்பாலான பதில் முதல் நாளும் கடைசி ரிமைண்டர் போன நாளும் தான் வரும், நடுவுல இருக்கற நாள நீட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஷிப்ட் வாராவாரம் மாறுதுன்னா ஒரு மாற்றம் உள்ள வர்ற மாதிரி தேதி வைங்க, அப்ப தான் நைட்ல சோந்து போய் பதில் போடறவங்க மட்டும், இல்ல டேல இருக்கறவங்க மட்டும்னு ஆகாது. நம்ம உதாரணத்துல 2026 மார்ச் 4 புதன் அனுப்பி மார்ச் 12 வியாழன் முடிக்கலாம், நடுவுல ஒரு ஷிப்ட் மாற்றம் வந்துடும்.

வெள்ளி சாயங்காலத்துல முடிக்காதீங்க, அன்னிக்கு யாரும் சர்வேய நினைக்க மாட்டாங்க.

"இந்த வார இறுதிக்குள்"னு போட்டா போதுமா?

வார இறுதின்னா ஒருத்தருக்கு வெள்ளி, இன்னொருத்தருக்கு ஞாயிறு ராத்திரி. "நள்ளிரவு 12 மணி"ன்னு போட்டாலும் அது அந்த நாள் தொடங்கற 12ஆ முடியற 12ஆன்னு குழப்பம். கிழமை, தேதி, மணி மூணும் வேணும்: "மார்ச் 12, வியாழன், மாலை 5 மணி". வேற வேற நாட்ல ஆளுங்க இருந்தா எந்த ஊர் நேரம்னும் சேருங்க. கிழமையும் தேதியும் ஒத்துப்போகுதான்னு காலண்டர்ல ஒருமுறை பாருங்க, "12 வெள்ளி"ன்னு அடிச்சு அனுப்பிட்டா அன்னிக்கு முழுக்க அதுக்கே விளக்கம் சொல்லிட்டு இருக்கணும்.

தேதி மெயில் கடைசில ஒளிஞ்சிருக்க கூடாது. சப்ஜெக்ட்லயும் இருக்கணும், லிங்க்குக்கு பக்கத்துலயும் இருக்கணும். சொன்ன நேரத்துக்கு ஃபார்ம் உண்மையிலயே மூடணும், Microsoft Formsல "End date" வச்சுடலாம், இல்லன்னா 5 மணிக்கு அலாரம் வச்சு கையால மூடுங்க.

பதில் கம்மியா வந்தா தேதிய நீட்டலாமா?

ஒரு காரணம் இருந்தா, ஒரே ஒரு தடவ, தேதி முடியறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு நீட்டலாம். லிங்க் ரெண்டு நாள் வேலை செய்யல, ஒரு ஷிப்ட் முழுக்க ட்ரெய்னிங்ல இருந்துது, இந்த மாதிரி. "இன்னும் பதில் தேவை"ன்னு நீட்டினீங்கன்னா அடுத்த சர்வேலேருந்து உங்க முதல் தேதிய யாரும் மதிக்க மாட்டாங்க, நீட்டுவாங்க பாத்துக்கலாம்னு இருப்பாங்க. 46ல 22 பேர் தான் போட்டாங்கன்னா 22னே ரிப்போர்ட்ல போடுங்க, அந்த மவுனமும் ஒரு தகவல் தான், எந்த குழு பேசவே இல்லன்னு பாருங்க.

ரிமைண்டர் எத்தன தடவ, யாருக்கு?

ரெண்டு போதும், ஒண்ணு பாதி வழில, ஒண்ணு கடைசி நாள் காலைல. ஒரே லிங்க் சர்வேன்னா எல்லாருக்கும் தான் போகணும், அதுல இந்த வரி இருக்கட்டும்: "ஏற்கனவே போட்டவர்கள் இதை விட்டுவிடலாம், யார் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாததால் எல்லாருக்கும் அனுப்புகிறோம்". தொல்லையா தெரிஞ்சாலும் உங்க வாக்க இன்னொரு தடவ காட்டற இடம் அது. டீம் லீட தனித்தனியா போய் "போட்டியா போட்டியா"ன்னு கேக்க விடாதீங்க, மேல குடுத்த வாக்க அவரு ஒரே நாள்ல காலி பண்ணிடுவாரு.

பதில் போட்டவங்களுக்கு குலுக்கல்ல கிஃப்ட் குடுக்கலாம்னு ஐடியா

அதுக்கு பேர் வேணும், பேர் வாங்கினா வாக்கு போச்சு. கட்டாயம் வேணும்னா சர்வே முடிஞ்ச உடனே வர்ற நன்றி பக்கத்துல தனி ஃபார்ம் லிங்க் குடுங்க, ரெண்டு ஷீட்டும் தனித்தனி. அதுலயும் நேரத்த வச்சு ஒப்பிட முடியும், சின்ன டீம்ல வேண்டவே வேண்டாம்.

முழு மெயில் ஒண்ணு சேத்து காட்டுங்க

சப்ஜெக்ட்: ஷிப்ட் ரோஸ்டர் சர்வே: 6 கேள்வி, மார்ச் 12 வியாழன் மாலை 5 மணிக்குள்

> அனைவருக்கும் வணக்கம்,
>
> வாராவாரம் மாறும் ஷிப்ட் ரோஸ்டரை ஏப்ரல் 1 முதல் தொடர்வதா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதா என்று மார்ச் கடைசியில் நான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு உங்கள் அனுபவம் தெரிய வேண்டும். அலவன்ஸ், ஆள் எண்ணிக்கை இந்த சர்வேயில் வராது.
>
> 6 கேள்விகள், 3 நிமிடம் ஆகும், போனிலேயே போடலாம். லிங்க்: (இங்கே)
> கடைசி நேரம்: மார்ச் 12, வியாழன், மாலை 5 மணி. அதன் பிறகு ஃபார்ம் மூடிவிடும்.
>
> பெயரோ மெயில் ஐடியோ பதிவாகாது, எல்லாருக்கும் ஒரே லிங்க். முழு பதில்களையும் ஹெச்ஆரில் சர்வே நடத்துபவர் மட்டும் பார்ப்பார். எனக்கும் டீம் லீடுகளுக்கும் இரண்டு குழுக்களின் மொத்த எண்களும் கமெண்ட் சாரமும்தான் வரும். ஒரு குழுவில் 5 பேருக்குக் குறைவாக பதில் வந்தால் குழு வாரியாக எதையும் காட்ட மாட்டோம், மொத்தம் மட்டும்தான்.
>
> முடிவுகளை மார்ச் 19 வியாழன் மீட்டிங்கில் எல்லாருக்கும் காட்டுகிறேன். விருப்பமில்லை என்றால் பதில் போடாமல் இருக்கலாம். தனிப்பட்ட புகார் இருந்தால் தயவுசெய்து இதில் எழுத வேண்டாம், எழுதியவர் யார் என்று தெரியாததால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. நேரடியாக ஹெச்ஆருக்கு எழுதுங்கள்.

3 நிமிடம்னு போட்டது சும்மா இல்ல, அனுப்பறதுக்கு முன்னாடி சர்வேய பாக்காத ரெண்டு பேர போன்ல போட சொல்லி நேரம் பாத்து, அதுல அதிகமா ஆனத எழுதணும். 3னு சொல்லி 10 ஆனா நாலாவது கேள்வில பாதி பேர் இருக்க மாட்டாங்க.

இத யார் பேர்ல அனுப்பறது? ஹெச்ஆரா, மேனேஜரா?

முடிவு எடுக்கறவர் பேர்ல போகட்டும், மேல "நான் முடிவு செய்ய வேண்டும்"னு இருக்கறது அதனால தான். ஆனா ஃபார்ம்ம வச்சிருக்கறதும் ஷீட்ட பாக்கறதும் அவரா இருக்க கூடாது. அவரோட அக்கவுண்ட்ல உருவாக்கின ஃபார்ம்னா பதில் முழுக்க அவர் கைல தான் இருக்கும், வாக்குல என்ன எழுதினாலும்.

எங்க டீமே 4 பேர் தான், அப்ப?

சர்வே வேண்டாம், உக்காந்து பேசுங்க. இல்லன்னா வேற டீமோட சேந்து நடத்துங்க. 4 பேர்கிட்ட அநாமதேயம்னு சொன்னா அவங்களே சிரிப்பாங்க.

ரிசல்ட் வந்தப்புறம் மேனேஜர் "இந்த கமெண்ட்ட யாரு எழுதினது, நல்லதுக்கு தான் கேக்கறேன்"னு கேட்டா?

"ஃபார்ம் அத பதிவு பண்ணல"ன்னு உண்மையாவே சொல்ல முடியற மாதிரி முதல்லயே செட் பண்ணியிருந்தா இந்த பேச்சு அங்கயே முடிஞ்சுடும். ரகசிய வகைன்னா பாக்க முடியும், அதனால தான் கஷ்டம். அப்ப அழைப்பு மெயில்ல இருக்கற வாக்க அவருக்கே திருப்பி அனுப்புங்க, அவர் பேர்ல போன மெயில் தானே. அவருக்கு அந்த விஷயம் நிஜமாவே தெரியணும்னா மீட்டிங்ல "இப்படி ஒரு கமெண்ட் வந்துது, இதப்பத்தி பேசணும்னு நினைக்கறவங்க ஹெச்ஆர்கிட்ட வாங்க"ன்னு பொதுவா சொல்லலாம். அதுலயும் கமெண்ட்ட வார்த்தைக்கு வார்த்தை படிக்க வேண்டாம்.

முடிஞ்சப்புறம் ரா ஷீட்ட என்ன பண்றது?

தொகுத்த ரிப்போர்ட் ரெடியானதும் எப்ப அழிப்பீங்கன்னு ஒரு தேதி வைங்க, முடிஞ்சா அதையும் அழைப்புலயே எழுதிடுங்க. ஷீட்ட அழிச்சா மட்டும் போதாது, Google Forms உள்ளயும் அதே பதில் தனியா உக்காந்திருக்கும், அங்கயும் போய் அழிக்கணும், யாராவது டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா அதையும்.

அடுத்த மாசம் இதே சர்வே மறுபடி வருதுன்னா ஒப்பிட உங்களுக்கு தொகுத்த எண்ணு போதும், ரா பதில் தேவைப்படாது.